அப்பா பேர்ல உள்ள வீட்டுக்கு வாரண்ட் வந்திருச்சு. தள்ளுபடி வரும்வரை பொறுக்கலாமா?

செல்வா_கிள்ளான் · புதன், இரவு 9.40

வணக்கம் எல்லாருக்கும். பேராக்ல எங்க ஊர்ல அப்பாவுக்கு ஒரு மலிவு விலை வீடு இருக்கு. எஸ்டேட் நிலத்தைத் துண்டு போட்டு வித்தப்போ, லயத்துல இருந்தவங்களுக்குன்னு கட்டின தாமான். அப்பா தவறி வருஷம் ஆச்சு. கிராண்ட் இன்னும் அவர் பேர்லதான் கிடக்கு. நான் கிள்ளான்ல, தங்கச்சி சிங்கப்பூர்ல. வீட்டை ஒரு தையல்கார அக்காவுக்கு மாசம் 450 வெள்ளிக்கு வாடகைக்கு விட்டிருக்கோம்.

சுக்காய் பிந்து, அதான் வீட்டு மதிப்பீட்டு வரி, அந்த பில் எல்லாம் அந்த வீட்டு விலாசத்துக்கே போயிருக்கு. அப்பா பேர் போட்டிருந்ததால அக்கா பிரிக்காம தபால் கட்டோட எடுத்து வச்சிருந்திருக்காங்க. இன்னிக்குக் காலையில நகராண்மைக் கழகத்துல இருந்து மூணு பேர் லோரியோட வந்திருக்காங்க. வீட்டுச் சாமானைப் பார்த்து ஒரு தாள்ல பட்டியல் எழுதி, அக்கா கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போயிருக்காங்க. அவங்க வாட்ஸ்அப்ல அனுப்பின படத்துல கார்பன் தாள்ல நீல மையில இப்படி இருக்கு: தையல் மெஷின் 2, பெட்டி சீஜுக் 1, டிவி 1. ஏழு நாளுக்குள்ள கட்டலைன்னா ஏலம் விடுவாங்களாம்.

தொகை: 2018 முதல் 2024 வரைக்கும் அரையாண்டுக்கு 108 வெள்ளி, மொத்தம் 14 பில், 1,512. நோட்டிஸ் கட்டணம் பில்லுக்குப் பத்து வெள்ளி மேனிக்கு 140. வாரண்ட் கட்டணம் 50. ஆகமொத்தம் 1,702 வெள்ளி.

இப்ப கேள்வி. கழகத்தோட பேஸ்புக் பக்கத்துல, மார்ச் 1-லேர்ந்து ஜூன் கடைசி வரைக்கும் பாக்கி கட்டுறவங்களுக்கு அபராதம் தள்ளுபடின்னு போட்டிருக்காங்க. மார்ச்சுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அதுவரைக்கும் பொறுத்தா நல்லதா, இல்ல இப்பவே கட்டிடணுமா?

---

லோரி மணி · புதன், இரவு 10.05

பயப்படாதீங்க தம்பி. கோர்ட் ஆர்டர் இல்லாம எவனும் வீட்டுக்குள்ள வந்து சாமானைத் தொட முடியாது. பேங்க் கடன்காரன் கூட முதல்ல கேஸ் போடணும், தீர்ப்பு வாங்கணும், அப்புறம்தான் பைலிஃப் வருவான். நகராண்மைக் கழகம் என்ன பெரிய கொம்பா? அடுத்த தடவை வந்தா கதவைத் திறக்க வேணாம்னு சொல்லுங்க.

அதுவும் தையல் மெஷின் உங்களுது இல்லையே, வாடகைக்கு இருக்கிறவங்களுது. மத்தவங்க சாமானை எப்படி எடுப்பாங்க?

---

மண்டோர் வீட்டுப் பிள்ளை · புதன், இரவு 10.31

ஐயோ செல்வா, உடனே போங்க. எங்க பெரியப்பா நிலத்துக்கு இதே மாதிரிதான் நோட்டிஸ் வந்துச்சு, போராங் 6ஏ. மூணு மாசம் டைம் கொடுத்தாங்க, கட்டல. நிலமே அரசாங்கத்துக்குப் போயிருச்சு. அப்புறம் வக்கீல் வச்சு அலையாத அலைச்சல். டிவியைப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருக்காதீங்க, வீடே போயிடும்.

---

ஓய்வுபெற்ற வசூல்காரன் · புதன், இரவு 11.20

நான் ஒரு மாவட்ட மன்றத்தில் வசூல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வாரண்டோடு லோரியில் போனவர்களில் நானும் ஒருவன். அதனால் மேலே வந்த ரெண்டு பதிலையும் முதலில் சரிசெய்துவிடுகிறேன்.

மணி அண்ணன் சொல்வது சாதாரணக் கடனுக்குச் சரி. இது 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், அதாவது தீபகற்பத்துக்கான சட்டம் 171. மதிப்பீட்டு வரிக்கு அந்தச் சட்டமே தனி வழி கொடுத்திருக்கிறது. பிப்ரவரி கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் கெடு முடியும். கெடு தாண்டினால் 147-ஆம் பிரிவின் கீழ் மன்றம் நிர்ணயித்த கட்டணம் ஏறும். அடுத்தது 148: போராங் இ என்கிற நோட்டிஸ் வரும், 15 நாள் கெடு. அதுவும் போனால் போராங் எஃப், அதுதான் வாரண்ட். நீதிபதி கையெழுத்து அதில் கிடையாது, மன்றமே கொடுப்பது. பகல் நேரத்தில் பூட்டை உடைத்து உள்ளே போகவும் அதிகாரம் உண்டு. கதவைத் திறக்காமல் இருந்தால் பூட்டுக்காரர் செலவும் உங்கள் கணக்கில் சேரும், அவ்வளவுதான்.

செல்வா படத்தில் சொன்ன தாள் போராங் ஜி. பறிமுதல் செய்த சாமான் பட்டியலும் ஏழு நாள் அறிவிப்பும் ஒரே தாளில் இருக்கும். ஆக, அவர் நோட்டிஸ் கட்டத்தில் இல்லை. மூன்றாவது படியில் இருக்கிறார். சாமான் வீட்டிலேயே இருந்தாலும் சட்டப்படி அது பிடிக்கப்பட்டதுதான். அந்த அக்கா அதை வேறிடத்துக்கு மாற்றினால் அவருக்குத்தான் வம்பு.

யாருடைய சாமான் என்பதைப் பற்றி: வரி வீட்டின் மேல் ஏறுவது. அதனால் அந்த வீட்டுக்குள் இருக்கும் அசையும் பொருள் வாடகைக்காரருடையதாக இருந்தாலும் பிடிக்கலாம். நாங்கள் போகும்போது பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். வீட்டுக்காரர் கோலாலம்பூரில் இருப்பார், அழுவது வாடகைக்கு இருப்பவர்.

மண்டோர் வீட்டுப் பிள்ளை சொன்னது வேறு வரி. போராங் 6ஏ நில அலுவலகத்திலிருந்து வருவது, சுக்காய் தானா என்கிற நில வரிக்கு. அதைக் கட்டாவிட்டால் நிலத்தையே மாநில அரசு எடுத்துக்கொள்ளும். நகராண்மைக் கழகம் சுக்காய் பிந்துவுக்காக அப்படிச் செய்ய முடியாது. சாமானை விற்றும் பாக்கி தீராமல், வீட்டையே விற்க வேண்டும் என்று போனால் அதற்கு உயர் நீதிமன்றம் போகணும். ஆயிரத்துச் சொச்சம் பாக்கிக்கு அந்தச் செலவை எந்த மன்றமும் செய்ததை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் செல்வா, அப்பா பேரில் இருப்பதால் சுக்காய் தானாவும் கட்டப்படாமல் கிடக்க வாய்ப்பு அதிகம். அதை நாளைக்கே பாருங்கள். இரண்டில் உண்மையிலேயே வீடு பறிபோகக்கூடியது அதுதான்.

தள்ளுபடி விஷயம் நாளை எழுதுகிறேன். தூக்கம் வருகிறது.

---

லோரி மணி · புதன், இரவு 11.34

சரி சார். பேங்க் கதையைத்தான் நான் நெனச்சேன். ஆனா வாடகைக்காரன் சாமானை எடுக்கிறது நியாயமா? சட்டம் யாரு எழுதினது?

---

தாமான்_தனா · வியாழன், காலை 7.15

நியாயத்தைப் பத்திப் பேசலாம். எங்க தாமான் முன்னாடி எஸ்டேட். அப்போ கால்வாய், குப்பை, ரோட்டு விளக்கு எல்லாம் கம்பெனி பார்த்துச்சு. இப்ப நகராண்மைக் கழக எல்லைக்குள்ள. குப்பை லோரி வாரத்துல ஒருநாள் வந்தா அதிசயம். பின் கால்வாய் செடி மண்டிக் கிடக்கு. வரி மட்டும் கெடு தவறாம வருது. நாங்க பத்துப் பதினைஞ்சு வீடு பேசி வச்சுக் கட்டாம இருக்கோம். சேவை இல்லைன்னா வரி எதுக்கு?

---

புஷ்பா டீச்சர் · வியாழன், காலை 7.50

எனக்கும் இதே பிரச்சினை, ஆனா கொஞ்சம் வேற. 2016-ல சுங்கைப் பட்டாணியில ஒரு வீட்டை வித்துட்டேன். வக்கீல் எல்லாம் முடிச்சுக் கொடுத்தாரு, கிராண்ட்டும் வாங்கினவர் பேருக்கு மாறிடுச்சு. போன வருஷம் என் பேர்ல, நான் இப்ப இருக்கிற விலாசத்துக்கு நோட்டிஸ். வாங்கினவர் ஒரு தடவைகூடக் கட்டலையாம். வித்த வீட்டுக்கு நான் ஏன் கட்டணும்? யாராவது சொல்லுங்க.

---

ஓய்வுபெற்ற வசூல்காரன் · வியாழன், காலை 10.10

டீச்சர், நில அலுவலகத்தில் பேர் மாறினால் நகராண்மைக் கழகத்தில் தானாக மாறாது. ரெண்டும் வேறு வேறு பதிவேடு. விற்ற மூன்று மாதத்துக்குள் விற்றவரும் வாங்கியவரும் மன்றத்துக்குத் தெரிவிக்கணும், 160-ஆம் பிரிவு. அதற்குப் போராங் ஐ என்று இருக்கிறது. அந்த அறிவிப்பு போகாதவரைக்கும் விற்றவர் பொறுப்பிலிருந்து விடுபட மாட்டார். வக்கீல் ஆபீசில் அந்த நேரத்துக் கோப்பை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சில வக்கீல்கள் அனுப்பியிருப்பார்கள், முத்திரை குத்திய நகல் இருக்கும். இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போனால் போதும். இல்லாவிட்டால் விற்பனை ஒப்பந்தம், புதிய கிராண்ட் நகல் ரெண்டோடும் இப்போதே போராங் ஐ போட்டு, பாக்கியை வாங்கியவர் கணக்குக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கேளுங்கள். சில மன்றங்கள் ஒத்துக்கொள்ளும், சில பிடிவாதம் பிடிக்கும்.

தனா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நானே பின் கால்வாய்க்குப் புகார் எழுதியவன்தான். ஆனால் வரி கட்டாமல் இருப்பது அதற்கு வழியில்லை. மதிப்பீட்டு வரி குப்பைக் கட்டணம் மாதிரிச் சேவைக்கு விலை இல்லை. மதிப்பீட்டை எதிர்த்து ஆட்சேபம் போட 142-ஆம் பிரிவில் காரணங்கள் எழுதியிருக்கின்றன: மதிப்பு அதிகம், வரியே போடக்கூடாத சொத்து, சேர்க்க வேண்டியது விட்டுப்போச்சு, இந்த மாதிரி. கால்வாய் சுத்தமில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. எல்லாரும் சேர்ந்து கட்டாமல் விட்டால் எங்கள் ஆபீசுக்கு வேலை சுலபம். ஒரே தெரு, ஒரே நாள், ஒரே லோரி.

---

தாமான்_தனா · வியாழன், காலை 10.25

சுலபம்னு சொல்றீங்களே, ஓட்டு கேக்க வர்றப்போ அவங்களுக்கும் சுலபமா இருக்கட்டும். நான் கட்டப் போறதில்ல.

---

ஜொகூர் குமரன் · வியாழன், நண்பகல் 12.40

ஒரு சந்தேகம். செல்வாவுக்கு வருஷத்துக்கு 216 எப்படி வருது? எனக்கு ஸ்கூடாய்ல வேற மாதிரிக் கணக்கு. வீட்டு விலையில ஏதோ புள்ளி பூஜ்யம் சதவீதம்.

---

ஓய்வுபெற்ற வசூல்காரன் · வியாழன், பிற்பகல் 1.30

ஜொகூரில் வீட்டின் மேம்பட்ட மதிப்பு, அதாவது விலை மதிப்பை வைத்துப் போடுகிறார்கள். மற்ற பல மாநிலங்களில் ஆண்டு மதிப்பு, அதாவது வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருஷத்துக்கு என்ன கிடைக்கும் என்கிற மதிப்பு. செல்வா பில்லில் ஆண்டு மதிப்பு 2,400 என்று போட்டு, வீதம் 9 சதவீதம் என்று இருக்கும் என நினைக்கிறேன். பெருக்கினால் 216, பாதி 108.

கவனித்தீர்களா, 2,400 என்றால் மாச வாடகை 200 என்று மன்றம் நினைக்கிறது. நிஜத்தில் 450. மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும் என்று சட்டம் சொன்னாலும், மாநில அரசு அதை நீட்டிக்கொண்டே போகலாம். நீட்டிக்கிறார்கள். அதனால் செல்வா, கவுண்டரில் வாடகை எவ்வளவு என்று நீங்களாக வாய் விடாதீர்கள்.

---

செல்வா_கிள்ளான் · வியாழன், பிற்பகல் 2.05

ஹா ஹா, சரி அங்கிள். பில் எடுத்துப் பார்த்தேன், நீங்க சொன்னபடியேதான் 2,400, 9 சதவீதம்.

அந்த நோட்டிஸ், போராங் இ, நாங்க யாரும் பாக்கவே இல்ல. அக்காவும் இல்லங்கிறாங்க. அப்படின்னா வாரண்ட் செல்லாதா? அப்புறம், தள்ளுபடிக்குப் பொறுக்கிறதைப் பத்திச் சொல்றேன்னீங்க.

---

லோரி மணி · வியாழன், பிற்பகல் 2.20

இன்னொன்னு. ஆறு வருஷத்துக்கு மேல போன கடனைக் கேக்க முடியாதுன்னு சட்டம் இருக்கு. லிமிட்டேஷன். 2018 பாக்கி அதுல அடிபட்டுப் போகும். இதாவது சரியா சொல்றேனா?

---

ஓய்வுபெற்ற வசூல்காரன் · வியாழன், மாலை 5.50

மணி அண்ணன் பாதி சரி. ஆறு வருஷம் என்பது நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதற்கான கெடு. மன்றம் இங்கே வழக்கே போடவில்லை, வாரண்ட் வழியாக வருகிறது. அந்த வழிக்கு ஆறு வருஷம் பொருந்துமா என்று வக்கீல்கள் ரெண்டு பக்கமும் வாதாடுவார்கள். நான் வக்கீல் இல்லை. 2018 பில் ரெண்டும் சேர்ந்து 216 வெள்ளி. அதை எதிர்க்க வக்கீலுக்கு எவ்வளவு கொடுக்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோட்டிஸ் பற்றி: நேரில் கொடுக்கணும் என்று கட்டாயமில்லை. தபாலில் அனுப்பலாம், வீட்டுக் கதவில் ஒட்டவும் செய்வார்கள். அப்பா பேருக்கு வந்த உறைகள் எல்லாம் அந்தக் கட்டில் இருக்கிறதா என்று அக்காவைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கென்னமோ போராங் இ அதில்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. உண்மையிலேயே அனுப்பவில்லை என்று நிரூபிக்க முடிந்தால், வாரண்டைத் தடுக்க நீதிமன்றம் போகலாம், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் அதுவும் ஏழு நாளுக்குள் நடக்கணும்.

இப்போது தள்ளுபடி. எங்கள் மன்றத்தில் இந்த மாதிரித் திட்டம் ஓடியபோது கவுண்டரில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வரிசையில் நிற்கும் பாதிப்பேர் பாக்கியே குறையும் என்று நினைத்து வருவார்கள். குறையாது. மன்றம் தானாக விட்டுக்கொடுக்கக்கூடியது அது போட்ட நோட்டிஸ் கட்டணமும் வாரண்ட் கட்டணமும்தான். அசல் வரியில் விலக்கோ குறைப்போ என்றால் மாநில அரசுவரை போகிற விஷயம். செல்வா கணக்கில் அசல் 1,512. தள்ளுபடிக்கு உட்படுவது 140-உம் 50-உம், மொத்தம் 190 வெள்ளி. ரெண்டு வாரம் பொறுத்தால் மிச்சமாகக்கூடியது அதிகபட்சம் இதுதான்.

எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? போராங் ஜி கொடுத்த நாளிலிருந்து ஏழு நாள். அடுத்த புதன் முடிந்துவிடும். மார்ச் 1 அதற்கு அப்புறம். தள்ளுபடி அறிவிப்பு வந்துவிட்டது என்பதற்காக வாரண்ட் நிற்காது. ஏலத்தில் தையல் மெஷின் என்ன விலைக்குப் போகும் என்று நினைக்கிறீர்கள்? பழைய ஜூக்கி மெஷின் எடை போட்ட இரும்பு விலைக்குப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாக்கி போக மிஞ்சினால் சாமான் யார் கையில் இருந்ததோ அவருக்குத் திருப்பிக் கொடுப்பார்கள், மிஞ்சாது.

அறிவிப்பின் கீழே சின்ன எழுத்தைப் படித்தீர்களா? பல இடங்களில் மூன்று நிபந்தனை இருக்கும். மொத்தமாக ஒரே தடவை கட்டணும், தவணைக்குத் தள்ளுபடி கிடையாது. நடப்பு அரையாண்டும் சேர்த்து முடிக்கணும். மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம்: வாரண்ட் நிறைவேற்றிய கணக்குகள் அடங்குமா அடங்காதா. அந்த வரியைப் பார்க்காமல் பொறுக்கிறேன் என்று சொல்லாதீர்கள்.

---

செல்வா_கிள்ளான் · வியாழன், இரவு 8.45

படிச்சேன். நாலாவது குறிப்பில் இருக்கு: "பறிமுதல் நடவடிக்கை எடுக்கப்பட்ட கணக்குகள் தலைவரின் முடிவுக்கு உட்பட்டவை." அப்படின்னா ஆமாவா இல்லையா?

போராங் இ-யும் கிடைச்சிருச்சு. நீங்க சொன்ன மாதிரியே அந்தத் தபால் கட்டுல. 2023 தேதி.

---

ஓய்வுபெற்ற வசூல்காரன் · வியாழன், இரவு 9.10

ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. கேட்டுப் பார்க்கணும். இப்படிச் செய்யுங்கள். நாளைக்கே அசலில் ஒரு பெரிய பங்கைக் கட்டுங்கள், ஆயிரம் என்று வையுங்கள். அந்த ரசீதோடு வசூல் பிரிவுக்கு எழுதுங்கள்: ஏலத்தை நிறுத்திவைக்கணும், மீதியை மார்ச்சில் திட்டத்தின் கீழ் கட்டுகிறேன். எழுத்தில் பதில் வராதவரை நிறுத்திவிட்டார்கள் என்று நம்பாதீர்கள். கவுண்டரில் ஒருத்தர் "பரவாயில்லை" என்று சொன்னது லோரிக்காரருக்குத் தெரியாது.

அந்த அபாயம் வேண்டாம் என்றால் முழுசாகக் கட்டிவிட்டு 190-க்கு முறையீடு எழுதுங்கள். விற்பனைக்கு முன்னால் எந்த நேரம் முழுப் பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தாலும் மன்றம் நிறுத்தியே ஆகணும்.

இன்னொன்று, இணையத்தில் கட்டுவதாக இருந்தால் கவனம். பெரும்பாலான மன்றங்களில் நீங்கள் கட்டும் பணம் முதலில் பழைய பாக்கிக்குத்தான் போய் விழும். இந்த அரையாண்டு பில் 108 என்று நினைத்து 108 கட்டினால், அது 2018 கணக்கில் உட்காரும், இந்த வருஷ பில் பிப்ரவரி கடைசியில் மறுபடியும் பாக்கி ஆகும். வருஷா வருஷம் ஒழுங்காகக் கட்டுகிறவருக்கும் நோட்டிஸ் வருவது இதனால்தான். எங்கோ ஒரு பழைய 108 விட்டுப்போயிருக்கும், ஒவ்வொரு முறையும் ஒரு பில் பின்னால் தள்ளிக்கொண்டே வரும். ரசீதில் எந்த ஆண்டு, எந்த அரையாண்டுக்கு வரவு என்று இருக்கும், அதைப் பாருங்கள்.

---

வாடகைக்காரி · வியாழன், இரவு 10.30

எல்லாரும் செல்வாவுக்கு யோசனை சொல்றீங்க. நானும் இப்படி ஒரு வீட்ல வாடகைக்கு இருந்தவதான், அதனால அந்த அக்கா பக்கம் பேசுறேன். மெஷின் போனா அவங்க பிழைப்பு போச்சு. பில் கையில இருந்தும் சொல்லலங்கிறீங்க, அப்பா பேருக்கு வந்த தபாலை வாடகைக்காரங்க ஏன் பிரிக்கணும்? வாடகைக்காரங்க கட்டி மெஷினைக் காப்பாத்த வழி இல்லையா?

---

ஓய்வுபெற்ற வசூல்காரன் · வியாழன், இரவு 10.55

இருக்கிறது தாயி, நல்ல கேள்வி. பறிமுதலைத் தவிர்க்க வாடகைக்காரர் வீட்டுக்காரருடைய பாக்கியைக் கட்டினால், அந்தத் தொகையை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். மன்றத்தின் ரசீதே வாடகை கொடுத்ததற்குச் சமம். 1,702-ஐ 450-ஆல் வகுத்தால் நாலு மாச வாடகைக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே ஒரு தடை, வாடகை ஒப்பந்தத்தில் வரி வாடகைக்காரர் பொறுப்பு என்று எழுதியிருந்தால் கழிக்க முடியாது. கட்டுவதற்குப் பேர் மாற்றம், அடையாள அட்டை எதுவும் வேண்டாம். கணக்கு எண் இருந்தால் யார் வேண்டுமானாலும் கட்டலாம்.

---

செல்வா_கிள்ளான் · வியாழன், இரவு 11.15

அக்கா கட்ட வேணாம், அது எங்க பொறுப்பு. ஒப்பந்தமும் எழுதினது இல்ல, வாய்ப்பேச்சுதான். நாளைக்கு லீவு போட்டுட்டு நானே போறேன்.

---

மண்டோர் வீட்டுப் பிள்ளை · வெள்ளி, காலை 8.20

ரெண்டு வரியும் வேற வேறன்னு இப்பத்தான் தெளிவாச்சு. ஆனா செல்வா, அப்படியே நில அலுவலகத்துக்கும் போயிருங்க. பெரியப்பா கதை சும்மா சொன்னதில்ல.

---

செல்வா_கிள்ளான் · சனி, காலை 9.30

அப்டேட். நேத்து போனேன். பாதியும் மீதியும்னு இழுக்க மனசு வரல, நடப்பு அரையாண்டு 108-ஐயும் சேர்த்து 1,810 வெள்ளி கட்டிட்டேன். ரசீதுல 2018 முதல் 2025 முதல் அரையாண்டு வரைக்கும் வரிசையா வரவு வச்சிருக்காங்க. அங்கேயே போராங் ஜி நகல் மேல "பத்தால்"னு முத்திரை குத்தி, அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரு. அக்கா அதை மெஷின் மேல ஒட்டி வச்சிருக்காங்க.

190-க்கு முறையீடு எழுதிக் கொடுத்தேன். கவுண்டர் பெண் வாங்கிக்கிட்டு, "கட்டிட்டீங்களே, இனி கஷ்டம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. பார்ப்போம்.

நில அலுவலகம்: சுக்காய் தானாவும் பாக்கி. 6ஏ இன்னும் வரல. அதையும் அங்கேயே கட்டிட்டேன். பேர் மாத்த சிறு சொத்துப் பங்கீட்டுக்கு மனு போடச் சொன்னாங்க. தங்கச்சி வந்து கையெழுத்துப் போடணும், அது எப்ப முடியும்னு தெரியல. அதுவரைக்கும் பில்லை எல்லாம் கிள்ளான் விலாசத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன்.

---

ஜொகூர் குமரன் · சனி, காலை 10.05

ஏன் பொறுக்கல அண்ணே? தலைவர் ஒத்துக்கிட்டிருந்தா 190 மிச்சம் ஆகியிருக்குமே.

---

வாடகைக்காரி · சனி, காலை 10.12

190-க்கு அந்த அக்கா ஒரு வாரம் தூங்காம இருந்திருக்கணும். செல்வா செஞ்சதுதான் சரி.

---

புஷ்பா டீச்சர் · சனி, பிற்பகல் 3.30

என் வக்கீல் ஆபீஸ்ல பழைய கோப்பைத் தேடிச் சொல்றோம்னு சொல்லியிருக்காங்க. 2016 கோப்பு வேற கிடங்குல இருக்காம். அது கிடைக்கிற வரைக்கும் நோட்டிஸுக்கு என்ன பதில் எழுதுறது?

---

ஓய்வுபெற்ற வசூல்காரன் · சனி, மாலை 4.40

டீச்சர், சும்மா இருக்க வேண்டாம், 15 நாள் ஓடும். விற்பனை ஒப்பந்தத்தின் முதல் பக்கமும் புதிய கிராண்ட் நகலும் வைத்து, "நான் இப்போது உரிமையாளர் இல்லை, போராங் ஐ நகல் தேடப்படுகிறது" என்று எழுதி, வாங்கிக்கொண்ட முத்திரையோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாரண்ட் வந்தால் அவர்கள் சாமான் பிடிக்கப் போவது விற்ற வீட்டில் மட்டும் என்று நினைக்காதீர்கள். வரி யார் பொறுப்போ அவருடைய சாமானையும் பிடிக்கலாம். புது விலாசம் அவர்களிடம் இருக்கிறது, நோட்டிஸே அங்கேதானே வந்தது.

செல்வா, முறையீட்டுக்குப் பதில் சாதகமாக வந்தால் 190 ரொக்கமாக வராது. பெரும்பாலும் அடுத்த பில்லில் கழித்து வரவு வைப்பார்கள். ஆகஸ்ட் பில் வரும்போது 108 என்று இருந்தால் முறையீடு நிராகரிக்கப்பட்டது என்று அர்த்தமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கணக்கு அறிக்கை எடுத்துப் பாருங்கள். பில் அச்சடித்த பிறகு வரவு ஏறியிருக்கலாம்.

---

தாமான்_தனா · சனி, இரவு 9.00

சரி சார், ஒரு கேள்வி. எங்க வீதம் 9 இல்ல, 10. ஆண்டு மதிப்பு 3,000-ம்னு போட்டிருக்காங்க, பக்கத்துத் தாமான்ல அதே அளவு வீட்டுக்கு 2,400. இதை ஆட்சேபமாப் போடலாமா, இல்ல பாக்கி இருக்கிறவன் கேக்கக் கூடாதுன்னு சொல்வாங்களா?

---

ஓய்வுபெற்ற வசூல்காரன் · சனி, இரவு 9.25

போடலாம், பாக்கி தடையில்லை. மதிப்பு அதிகம் என்பது சரியான காரணம். ஆனால் புதிய பட்டியலோ திருத்தமோ அறிவிக்கும்போது, பரிசீலனை நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னால் எழுத்தில் போய்ச் சேரணும். பக்கத்துத் தாமான் பில் ரெண்டு மூன்று நகல் சேர்த்துவையுங்கள். ஆட்சேபம் போட்டதால் இப்போதுள்ள பில் நிற்காது, அதைக் கட்டிக்கொண்டே போடணும்.

---

தாமான்_தனா · சனி, இரவு 9.31

கட்டிக்கொண்டேவா. யோசிக்கிறேன்.